“வாயுதான் டாக்டர், ஒரு மாத்திரை மட்டும் சொல்லுங்க”

மேல்வயிற்று வலிக்காகப் போனில் டாக்டரைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நோய்க்குப் பெயரை அவர்களே வைத்துவிடுகிறார்கள், மருந்துக்குப் பெயர் மட்டும் டாக்டரிடம் கேட்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்களில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வலிக்கிறவர் கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ பெரிய வீட்டில் இருப்பார். டாக்டரிடம் பேசுகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன். வலிக்கிறவர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அம்மா சொன்னதை அக்கா சுருக்குகிறார், அக்கா சொன்னதை மகன் சுருக்குகிறார், கடைசியில் டாக்டர் காதுக்கு வந்து சேருவது ஒரே ஒரு சொல்: வாயு.

டாக்டரும் களைப்பில் இருந்தால் ‘சரி, பேன்டோப்ரசோல் ஒண்ணு போடச் சொல்லுங்க’ என்று முடித்துவிடலாம். பல நாள் அது சரியாகவும் போய்விடும். சிக்கலே அங்கேதான். பல நாள் சரியாகப் போவதால், சரியில்லாத ஒரு நாளும் அதே ஐந்து நிமிடப் பேச்சில் முடிந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனிலும் வீடியோவிலும் ஓரளவு நன்றாகத் தீர்மானிக்க முடிவது, எவ்வளவு அவசரம் என்பதைத்தான். என்ன நோய் என்பதைப் பல சமயம் முடியாது. அறுபது தாண்டிய, சர்க்கரை உள்ள ஒருவரின் மேல்வயிற்று வலியைப் பற்றி ‘இது இதயம் இல்லை’ என்று போனில் சொல்வது எந்த டாக்டராலும் முடியாது. அப்படிச் சொல்லிவிட்டால் அது தைரியமே தவிர வைத்தியம் அல்ல.

இதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

## ஆச்சிக்கு வயிற்றில் என்னமோ பண்ணுகிறது

ஆச்சிக்கு வயது 71. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. முந்தைய இரவு உறவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். விடியற்காலை நாலரைக்கு மேல்வயிற்றில் ஒரு பாரம். ஏப்பம் வருகிறது, ஒருமுறை வாந்தி எடுத்தார். ஓம வாட்டர் குடித்தார், இஞ்சிச் சாறு குடித்தார். ஆறே முக்காலுக்குச் சென்னையில் இருக்கும் மகன் டாக்டரைப் பிடிக்கிறார்.

“டாக்டர், ஆத்தாவுக்கு கேஸ் ப்ராப்ளம். நேத்து ராத்திரி கல்யாண வீட்ல கந்தரப்பம் ரெண்டு மூணு சாப்பிட்டிருக்காங்க. எண்ணெய்ப் பலகாரம் சேராது, தெரிஞ்சும் சாப்பிட்டுட்டாங்க.”

இதில் மகன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் டாக்டருக்கு வேண்டியது இதில் ஒன்றும் இல்லை. கந்தரப்பம் காரணமா என்பது டாக்டர் கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர் மனமும் வயிற்றுப் பக்கமே சாய்ந்துவிடும். இதே காலையை வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்: “71 வயசு, சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. காலையில நாலரைக்குத் தூக்கத்துல இருந்து எழுப்புற மாதிரி மேல்வயித்துல பாரம் ஆரம்பிச்சது. ரெண்டு மணி நேரமாச்சு, குறையலை. ஒரு தடவை வாந்தி. வேர்த்திருக்கு.” இவ்வளவும் சொல்ல அரை நிமிடம் போதும். இதைக் கேட்ட டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

கவனியுங்கள், இரண்டாவது பேச்சில் நோயின் பெயரே இல்லை. யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எங்கே, எப்படி, கூடவே என்ன என்பது மட்டும் இருக்கிறது. ‘காலையிலிருந்து’ என்பதைவிட ‘நாலரைக்கு’ என்பது டாக்டருக்கு அதிகம் உதவும். இதய ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா வேண்டாமா என்பதையே வலி தொடங்கிய நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். முதல் சில மணி நேரத்தில் அந்த ஊசி அதிகம் பயன்படும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் போட மாட்டார்கள்.

டாக்டர் இப்போது மகனை நிறுத்தி, ஆச்சியிடமே பேச வேண்டும் என்கிறார். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆச்சியின் குரலே ஒரு பரிசோதனை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். மகன் எவ்வளவு நன்றாக எடுத்துச் சொன்னாலும் இது அவர் பேச்சில் வராது.

“ஆச்சி, வலி எந்த இடத்துல? ஒரு விரலால தொட்டுக் காட்ட முடியுமா?”

“ஒரு விரல்ல எங்கப்பா காட்டுறது. இந்தா, இங்ஙன எல்லாம்தான்.” உள்ளங்கையை நெஞ்சுக்குழியில் பரப்பி வைக்கிறார்.

“குத்துதா, எரியுதா, பிசையுதா?”

“ஒண்ணுமில்ல. கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. வலின்னு சொல்ல முடியல.”

“வேற எங்கயாச்சும்? தாடை, முதுகு, தோள்பட்டை, கை?”

“கழுத்துல கொஞ்சம் இறுக்குது. அது ராத்திரி தலகாணி சரியில்ல.”

தலையணைமேல் போட்ட பழியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு விரலால் காட்ட முடியாத பாரம், கழுத்து இறுக்கம், வாந்தி, வியர்வை. வலி என்றே சொல்ல முடியாத வலி. வயதான பெண்களுக்கும் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி வருவதுண்டு. நரம்புகள் சர்க்கரையால் மரத்துப்போயிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற காட்சி வராது. இதயத்தின் கீழ்ச்சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் வயிறு பேசுகிறது. ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது, ஜெலுசில் குடித்ததும் அடங்கியது என்பதெல்லாம் இதயம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மாரடைப்பு வந்தவர்களும் அப்படிச் சொல்வார்கள்.

## வீட்டிலேயே எடுக்கக்கூடிய அளவுகள்

அடுத்து டாக்டர் அளவுகள் கேட்கிறார். பெரும்பாலான வீடுகளில் இப்போது பிரஷர் மெஷினும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பியது, மஞ்சள் பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி இருக்கிறதா என்பதை அவசரம் இல்லாத ஒரு நாளில் பார்த்துவைப்பது நல்லது.

முதலில் சர்க்கரை. வியர்க்கிறது, படபடக்கிறது, ஒரு மாதிரி வருகிறது என்று சர்க்கரைக்காரர் சொன்னால், எடுத்தவுடன் பார்க்க வேண்டியது அதைத்தான். 70-க்குக் கீழே இருந்தால் அதுவே வியர்வைக்குக் காரணமாகலாம். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். இனிப்பு ஒட்டிய விரலில் குத்தினால் பொய்யான பெரிய எண் வரும். ஆச்சிக்கு 212 வருகிறது. அப்படியானால் வியர்வைக்குக் காரணம் சர்க்கரை இறங்கியது இல்லை.

பிறகு ரத்த அழுத்தம். முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்கார்ந்து, கால் தரையில் படும்படி வைத்து, கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டையை ரவிக்கைக் கைமேல் கட்டக் கூடாது, கை மடித்து மேலே ஏற்றி இறுக்கியும் விடக் கூடாது. மெஷின் ஓடும்போது ஆச்சி பேசக் கூடாது, இதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை எடுங்கள். ஆச்சிக்கு 104-க்கு 66, நாடித்துடிப்பு 54.

இந்த எண்ணைக் கேட்டதும் மகன் நிம்மதியாகிறார். “பிரஷர் ரொம்ப நார்மல் டாக்டர்.” இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 104 என்பது இருபது வயதுப் பெண்ணுக்கு நல்ல அளவு. ஆச்சிக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும்? மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் பெண் மாதாமாதம் குறித்துவைத்த அட்டை வீட்டில் இருக்கிறது. அதில் 148, 152, 146. அப்படியானால் இன்று காலை ஆச்சியின் அழுத்தம் நாற்பதுக்குமேல் இறங்கியிருக்கிறது. கூடவே, வலியும் வாந்தியும் உள்ளவருக்கு நாடி வேகமாக ஓட வேண்டும். இவருக்கு 54-தான். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி குறைவாகவே இருக்கும். அட்டையைப் பார்த்தால் ஆச்சி சாப்பிடுவது அம்லோடிபின்தான், அது நாடியைக் குறைக்காது. எந்த அளவைச் சொன்னாலும் வழக்கமான அளவையும் கூடவே சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

மாத்திரை விவரம் கேட்டால் ‘பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை’ என்று சொல்வதில் பயனில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக் கேமராவில் காட்டுங்கள். மெடிக்கலில் நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பெயர் இருக்கும் பக்கம் போயிருக்கும். வாங்கும்போதே பெயர் எழுதித் தரச் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதித் தந்ததை மட்டுமல்ல, மற்றதையும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், கடையில் பேப்பரில் மடித்துத் தரும் ‘செட் மாத்திரை’. ஆச்சி மகனிடம் இதுவரை சொல்லாததை டாக்டரிடம் சொல்கிறார்: முட்டி வலிக்கு மூன்று நாளாகச் செட் மாத்திரை போட்டிருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும்.

இந்த ஒரு தகவல் முழுக் கதையையும் மாற்றிவிடுகிறது.

## ஒரே வலி, எதிரெதிர் மருந்து

மாரடைப்பாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அடோர்வாஸ்டாட்டினும் முதல் தவணையாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பது நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும். அப்படியானால் டாக்டர் போனிலேயே ‘ஒரு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்க’ என்று சொல்லிவிடலாமே?

வேறு ஒருவருக்கு என்றால் சொல்லியிருக்கலாம். ஆச்சிக்குச் சொல்ல முடியாது. மூன்று நாள் வலி மாத்திரை போட்ட 71 வயது வயிற்றில் புண் ஏற்பட்டு ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். அப்போதும் இதே நெஞ்சுக்குழியில்தான் வலிக்கும். அப்போதும் வாந்தி வரும், வியர்க்கும், ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் ஆஸ்பிரின் கசிகிற ரத்தத்தை ஓடவிடும். ஒன்றில் உயிர் காக்கிற மாத்திரை இன்னொன்றில் உயிருக்கு உலை வைக்கும்.

டாக்டர் கேட்கிறார்: “ஆச்சி, வெளிக்குப் போனது கறுப்பா, தார் மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சா?” ஆச்சிக்குச் சிரிப்பு வருகிறது. “அதை யாருப்பா பாத்தா?”

நேர்மையான பதில். இதற்கு ‘இல்லைங்க’ என்று சும்மா சொல்லியிருந்தால்தான் ஆபத்து. பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. போனில் பேசும்போது இந்த இரண்டையும் கலக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்றால் ‘தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை, தெர்மாமீட்டர் வைக்கவில்லை’ என்று சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வருகிறார். அவர்கள் வீட்டு ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் இருக்கிறது, ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்கிறார். நல்ல மனதோடுதான் கேட்கிறார். டாக்டர் அவசரமாக வேண்டாம் என்கிறார். அந்த மாத்திரை ரத்தக்குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும். இதயத்தின் கீழ்ச்சுவரோடு வலது அறையும் பாதிக்கப்பட்டிருந்தால், ஏற்கெனவே இறங்கியிருக்கும் அழுத்தம் தரைக்கு வந்துவிடும். 104-லும் நாடி 54-லும் இருப்பவருக்கு, ஈசிஜி பார்க்காமல் அதை வைப்பது விஷப்பரீட்சை.

ஆக டாக்டர் போனில் ஒரு மாத்திரையும் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: “இது இதயமா வயிறான்னு எனக்கு இங்க இருந்து தெரியாது தம்பி. ரெண்டுல எதுவா இருந்தாலும் வீட்ல வச்சுப் பாக்குற விஷயம் இல்ல. 108-ஐக் கூப்பிடுங்க. ஈசிஜி எடுக்குற, டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். வாய்ல வேற எதுவும் கொடுக்க வேணாம்.” மாத்திரை எழுதித் தராததால் மகனுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒரு போன் பேச்சிலிருந்து கிடைக்கக்கூடிய முழுப் பலனும் அந்த ஐந்து வாக்கியத்தில் வந்துவிட்டது.

## கேமராவுக்குத் தெரிவதும் தெரியாததும்

வீடியோ இருந்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? நிறையவே கிடைக்கும், கொஞ்சம் முறையாகக் காட்டினால். நம் பெரிய வீடுகளில் சுவர் கனம், உள்ளறையில் சிக்னல் நிற்காது. நடக்க முடிகிறவர் என்றால் வளவுக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவையுங்கள். வானத்திலிருந்து விழும் வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கும். ஆச்சி மாதிரி நிலையில் இருப்பவரை நடக்கவிடாதீர்கள், போனைத்தான் நகர்த்த வேண்டும். கலர்க்கண்ணாடி பதித்த ஜன்னலுக்குக் கீழே மட்டும் வேண்டாம். பச்சையும் மஞ்சளும் முகத்தில் விழுந்தால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காமாலை இருக்கிறதா என்று கேட்பதும் அதே கதைதான்.

முதலில் போனைத் தள்ளிப் பிடித்து முழு ஆளையும் காட்டுங்கள். எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்தைவிட முக்கியம். சிறுநீரகக் கல் வலிக்காரர் ஒரு இடத்தில் இருக்க மாட்டார், புரளுவார், எழுந்து நடப்பார். குடலில் ஓட்டை விழுந்து வயிற்று உறை வீங்கியவர் அசையவே பயந்து சுருண்டு கிடப்பார். இருமச் சொன்னால் முகம் சுளிப்பார். மூச்சு முட்டுகிறவர் படுக்க மாட்டார், தொடைமேல் கையூன்றிக் குனிந்து உட்காருவார். பிறகு நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது தெரியும்படி ஒரு முழு நிமிடம் போனை ஆட்டாமல் பிடியுங்கள். டாக்டர் மூச்சை எண்ணுவார். எண்ணுவதை ஆச்சியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை வழக்கம்.

ஆனால் கேமராவால் ஒரு வயிற்றைத் தொட முடியாது. இந்த இடத்தில் வீடுகளில் நடப்பது ஒன்று உண்டு. டாக்டர் கேட்காமலே அக்கா ஆச்சியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, “மெத்துன்னுதான் இருக்கு” என்று சாட்சி சொல்வார். அந்தச் சாட்சியை எந்த டாக்டரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, டாக்டர் எப்படித் தொடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

ஆச்சியைத் தட்டையாகப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்வார், வயிற்றுத் தசை தளர்வதற்காக. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார், சில்லென்ற கை பட்டால் எந்த வயிறும் இறுகும். வலி எங்கே என்று கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிர் மூலையில் ஆரம்பிப்பார். விரல் நுனியால் அல்ல, விரல்களின் தட்டையான உட்பகுதியால், முதலில் மேலோட்டமாக, பிறகு ஆழமாக. அந்த நேரம் அவர் கண் வயிற்றில் இருக்காது, ஆச்சியின் முகத்தில் இருக்கும். கூடவே பேச்சுக் கொடுப்பார். பேச்சில் கவனம் போனதும் வயிறு இளகினால், அது பயத்தில் இறுக்கிக்கொண்டது. பேச்சுக் கொடுத்தும் பலகை மாதிரி இருந்தால், உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் இந்தப் பலகை இறுக்கம் முழுதாக வராது, லேசாகத்தான் காட்டும். அந்த லேசைப் பிடிப்பதற்கு ஆயிரம் வயிறு தொட்ட கை வேண்டும்.

வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார். பித்தப்பை வீங்கியிருந்தால் பாதி மூச்சில் சட்டென்று நின்றுவிடும். தொடை இடுக்கைப் பார்ப்பார், அங்கே ஒரு குடலிறக்கம் சிக்கிக்கொண்டு வாந்தியை உண்டாக்கலாம். வெட்கப்பட்டு ஆச்சி அதைப் பற்றிச் சொல்லியே இருக்க மாட்டார், வீடியோவில் யாரும் காட்டவும் மாட்டார்கள். முதுகுப் பக்கம் நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைப்பார். அங்கே நிமோனியா வந்தாலும் வலி மேல்வயிற்றில் தெரியும். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார். ஆச்சி பார்க்காத கறுப்பு மலத்துக்கு அங்கே பதில் இருக்கிறது. இதில் எதுவுமே வீடியோவில் முடியாது.

ஈசிஜியும் அப்படித்தான். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தில் ஈசிஜி வருகிறதே என்று சிலர் அதன் படத்தை அனுப்புகிறார்கள். அது ஒரே கோணத்தில் இதயத்துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அது செய்யப்படவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பில் பத்து இடத்தில் ஒட்டிப் பன்னிரண்டு கோணத்தில் எடுக்கிறார்கள். கீழ்ச்சுவரைப் பார்ப்பது அதில் மூன்று கோணங்கள்தான். மற்றதில் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

## காரைக்குடியில்

ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் ஆச்சியை நடக்கவிடாமல், சாய்ந்து உட்காரவைத்திருக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் யோசனை ஒன்று வந்தது, நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. மாத்திரை அட்டைகள், செட் மாத்திரை மடித்திருந்த பேப்பர், அளவு குறித்த அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார் அக்கா. கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார் என்று எழுதியும் வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் முதல் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆச்சியின் முதல் ஈசிஜியில் சந்தேகம் மட்டும் இருந்தது, தீர்மானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படி நடப்பது அபூர்வமில்லை. வயிறு இளக்கமாக இருக்கிறது, விரலில் கறுப்பு இல்லை, குடலில் ஓட்டை விழுந்தால் உதரவிதானத்துக்கு அடியில் தெரியும் காற்று நெஞ்சு எக்ஸ்ரேயில் இல்லை. இருபது நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது ஈசிஜியில் கீழ்ச்சுவர்க் கோணங்களில் மாற்றம் தெளிவாகிவிடுகிறது. இப்போது ஆஸ்பிரின் தைரியமாகக் கொடுக்கலாம். போனில் கொடுக்க முடியாத அதே மாத்திரை. இந்த முக்கால் மணி நேரத்தில் மாறியது ஆச்சியின் நோய் அல்ல, டாக்டரின் கை அவர் வயிற்றைத் தொட்டதுதான்.

வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். வயிறு பலகையாக இருந்து, எக்ஸ்ரேயில் காற்றுக்கோடு தெரிந்திருந்தால் ஆச்சி அறுவைசிகிச்சை டாக்டரிடம் போயிருப்பார். எல்லாமே சரியாக இருந்து, சில மணி நேரம் கழித்து எடுத்த, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்து, கந்தரப்பம்தான் காரணம் என்றும் ஆகியிருக்கலாம். அப்போது மகன், ‘இதுக்குப் போய் ஆம்புலன்ஸா’ என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பு நியாயமில்லை. மூன்றுக்கும் போனில் கேட்ட கதை ஒன்றுதான்.

## விதி என்ன சொல்கிறது

தொலைமருத்துவத்துக்கு இந்தியாவில் நெறிமுறை 2020 மார்ச் 25-ல் வந்தது. அதில் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். பதிவு பெற்ற டாக்டர் மட்டுமே பார்க்க வேண்டும், மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். போனில் போதாது, நேரில் வரவேண்டும் என்று எந்தக் கட்டத்திலும் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் அவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. நோயாளி சுயநினைவோடு இருக்கும்போது அவர் இல்லாத இடத்திலிருந்து மகனோ மகளோ மட்டும் பேசி மருந்து வாங்க வேண்டுமானால், நோயாளியின் ஒப்புதல் வேண்டும். ஆச்சியையும் ஒரே அழைப்பில் சேர்த்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. பாராசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரி சாதாரண மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். முதல்முறையாகப் பார்க்கும் நோயாளிக்கு அதற்கு மேற்பட்ட மருந்து எழுத வீடியோ வேண்டும். தூக்க மாத்திரை போன்ற சிலவற்றை எழுதவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு போன் மறுபடி உருப்படியான கருவியாகிறது. நோய் என்ன என்று தெரிந்துவிட்டது, இனி அளவுகளையும் மாத்திரையையும் கவனிப்பதுதான் வேலை. காலையும் மாலையும் எடுத்த அழுத்தத்தை ஒரு வாரத்துக்குத் தேதி, நேரத்தோடு ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால், டாக்டர் இரண்டு நிமிடத்தில் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஈசிஜி அனுப்பும்போது தாளை மேசையில் தட்டையாக விரித்து, மேலிருந்து நேராக, உங்கள் நிழல் விழாமல், பெயரும் நேரமும் தெரியும்படி எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பழைய ஈசிஜி ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். புதிதாக வந்த மாற்றம் எது, முன்பிருந்தே இருப்பது எது என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஈசிஜி தாளில் உள்ள கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும், அதனால் கிடைத்த அன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.